ஒரு வீடு, இரண்டு குசினி

திருச்சியிலோ சென்னையிலோ உறவினர் உள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் சில காலமாக ஒரு கேள்வி அடிபடுகிறது. அங்கே புதுக் காஸ் இணைப்புக்கு வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விண்ணப்பிக்கிறார்கள், முகவரிச் சான்றையும் குடும்ப விவரத்தையும் ஏற்றுகிறார்கள், சில நாட்களில் சிலிண்டர் வந்து இறங்குகிறது. இங்கே அந்த விண்ணப்பம் எந்த இணையத்தளத்தில் இருக்கிறது?

எந்தத் தளத்திலும் இல்லை. ஏனென்றால் இலங்கையில், தமிழ்நாட்டார் சொல்லும் பொருளில், ‘இணைப்பு’ என்ற ஒன்றே கிடையாது. லிட்ரோவின் நீலச் சிலிண்டரோ லாஃப்ஸின் மஞ்சள் சிலிண்டரோ, எது வேண்டுமென்றாலும் முகவர் கடைக்குப் போய் சிலிண்டருக்குரிய வைப்புப்பணத்தையும் உள்ளே இருக்கும் காஸின் விலையையும் கட்டித் தூக்கிக்கொண்டு வரலாம். ரெகுலேற்றரும் குழாயும் பக்கத்திலேயே விற்பனைக்கு இருக்கும். கடைக்காரர் வதிவிடச் சான்று கேட்பதில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிப்பதும் இல்லை. தெரிந்த கடைக்காரர் விசாரித்தால் அது சுகம் விசாரிப்பதுதான். காஸ் முடிந்ததும் வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதை வாங்குவோம். இன்று கொடுத்த சிலிண்டர் திரும்ப நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. அது கெரவலப்பிட்டிக்குப் போய் நிரம்பி, அடுத்த முறை மாத்தறையில் ஒரு வீட்டில் எரியலாம்.

இது சாதாரணமாகத் தெரியும், ஆனால் விஷயத்தின் முடிச்சு இங்கேதான். சிலிண்டரில் தொடரிலக்கம் பொறித்திருந்தாலும் அதை வைத்து எந்த வீட்டையும் அடையாளம் காண முடியாது, ஏனென்றால் சிலிண்டர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓரிடத்தில் நிற்பது குசினி மட்டும்தான். ஆகவே காஸைக் கணக்கு வைத்துக் கொடுக்க நினைக்கும் எந்த அரசும் சிலிண்டரை விட்டுவிட்டுக் குசினியைப் பதிய வேண்டியிருக்கிறது. இந்தியா அதைத்தான் செய்தது. முகவரிச் சான்றும் குடும்ப விவரமும் அந்தப் பதிவின் இரண்டு ஆணிகள்.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கல், விநியோக ஒழுங்கு ஆணை ‘குடும்பம்’ என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் தருகிறது. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள், தங்கியிருக்கும் பெற்றோர் ஆகியோர் ஒரே வசிப்பிடத்தில் பொதுவான ஒரே சமையலறையோடு வாழ்ந்தால் அது ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு ஒரே இணைப்பு. வரைவிலக்கணத்தை எழுதியவர்கள் நிலத்தையோ இரத்த உறவையோ மட்டும் பார்த்து நிறுத்தவில்லை, அடுப்பையும் பார்த்தார்கள். ஒரே உலையில் வேகும் சோறு ஒரு குடும்பம் என்பது நம் கிழவிகளின் கணக்கும்தான்.

ஆணை இருந்தும் பல ஆண்டுகள் யாரும் அதை இறுக்கிப் பிடிக்கவில்லை. ஒரே வீட்டில் அப்பா பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று, வேறு கொம்பனியில் மூன்றாவது என்று இணைப்புகள் இருந்தன. 2012 செப்டம்பரில் மானிய விலைச் சிலிண்டர் ஆண்டுக்கு ஆறு என்று இந்திய அரசு வரம்பு கட்டியபோதுதான் நிலை மாறியது. வரம்பு குடும்பத்துக்கு என்றால், குடும்பம் எது என்று தெரிந்தாக வேண்டும். வாடிக்கையாளர் எல்லோரும் அடையாளமும் முகவரியும் கொடுத்துப் படிவம் நிரப்பினார்கள். வரம்பு 2013இல் ஒன்பதாகவும் 2014இல் பன்னிரண்டாகவும் தளர்ந்தது. ஆனால் படிவம் நிலைத்துவிட்டது. 2015 தொடக்கத்திலிருந்து நாடு முழுவதும் மானியம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போனதால் வங்கி விவரமும் ஆதார் எண்ணும் அதோடு சேர்ந்துகொண்டன. இன்று இணையத்தில் நிரப்பும் விண்ணப்பம் அந்தப் படிவத்தின் பேரப்பிள்ளை.

அது எப்படி வேலை செய்கிறது, எங்கே முட்டுகிறது என்பதைப் பார்க்க இரண்டு சகோதரிகளை எண்ணிக்கொள்வோம். கற்பனைப் பாத்திரங்கள்தான், ஆனால் இரண்டு கரையிலும் இப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். அக்கா தமிழ்நாட்டு மாப்பிள்ளையைக் கட்டித் திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். தங்கச்சி கொக்குவிலில், தாய் இருக்கும் வீட்டிலேயே இருக்கிறாள்.

அக்கா இந்தேன் இணைப்பு எடுக்க நினைக்கிறாள். cx.indianoil.in தளத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஒருமுறைக் குறியீட்டைப் பதிந்து கணக்குத் தொடங்குகிறாள். மாநிலம், மாவட்டம், பிறகு தன் பகுதியின் விநியோகஸ்தர். இந்தத் தெரிவை அவசரமாகச் செய்யக்கூடாது, ஏனென்றால் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பதும் பிறகு சிலிண்டர் கொண்டுவருவதும் அவர்தான். பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். முன்னெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நின்றால் அங்கேயே சிக்கல் தொடங்கும். அதன் பின் முகவரி, முகவரிச் சான்றின் படம், குடும்ப உறுப்பினர் விவரம், கடைசியாக ஓர் உறுதிமொழி: என் குடும்பத்தில் வேறு யார் பெயரிலும் இணைப்பு இல்லை.

முகவரிச் சான்றில் அங்கே தாராளம் உண்டு. ஆதார், கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, அண்மைய மின் அல்லது தொலைபேசிக் கட்டணச் சிட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் செல்லும். அக்காவின் ஆதாரில் கணவனின் கிராமத்து முகவரி இருப்பதால் அவள் வாடகை ஒப்பந்தத்தை ஏற்றுகிறாள். இதுவரை தடையில்லை. முகவரி என்பது மாறக்கூடியது என்பதை அந்த முறை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

குடும்ப விவரத்தில்தான் அவளுக்குத் தடை. கணவனின் பெயர் இன்னும் கிராமத்தில் மாமனாரின் குடும்ப அட்டையில் கிடக்கிறது. மாமனார் வீட்டில் ஏற்கெனவே காஸ் இருக்கிறது. கொம்பனிகள் புது விண்ணப்பத்தின் பெயர், முகவரி, ஆதார் விவரங்களைப் பழைய வாடிக்கையாளர் பட்டியல்களோடு ஒப்பிட்டு இரட்டைப் பதிவு தேடும்போது, இந்த ஆள் ஏற்கெனவே காஸ் உள்ள ஒரு குடும்பத்தின் உறுப்பினர் என்று தெரிய இடமுண்டு. ஆணையின்படி பார்த்தால் திருமணமான மகன் தனிக் குடும்பம், அக்காவின் பக்கம்தான் நியாயம். ஆனால் அவளிடம் உள்ள காகிதம் வேறு சொல்கிறது. அலுவலகத்தில் வெல்வது பெரும்பாலும் காகிதம்தான்.

தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கும் காஸுக்கும் இடையே இந்த உறவு பழையது. காஸ் இல்லாத வீட்டுக்கு நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய் கூட, ஒரு சிலிண்டர் உள்ள வீட்டுக்குக் குறைவு, இரண்டு உள்ள வீட்டுக்கு இல்லை என்ற கணக்கு அங்கே நெடுநாள் நடந்தது. அதனால் புதுக் குடும்ப அட்டைக்கான விண்ணப்பத்திலும் எரிவாயு இணைப்பு விவரம் கேட்கும் பகுதி உண்டு. அக்கா செய்ய வேண்டியது, காஸ் தளத்தை மூடிவைத்துவிட்டு tnpds.gov.in தளத்துக்குப் போய்க் கணவனின் பெயரை மாமனார் அட்டையிலிருந்து நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பிப்பது. அது வந்த பிறகு காஸ் விண்ணப்பம் தானாகவே இலகுவாகும். காஸுக்கு ஒரு மாதம் இழுத்தது என்று சொல்பவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தால், தாமதம் காஸில் இல்லை, அட்டையில் இருந்திருக்கும்.

பிறகு வரும் படிகள் நேரானவை. குசினியில் அடுப்பு சிலிண்டரை விட உயரமான மேடையில் இருக்கிறதா, காற்றோட்டம் உண்டா என்று ஆள் வந்து பார்ப்பார். 2022 ஜூன் நடுப்பகுதியிலிருந்து 14.2 கிலோச் சிலிண்டருக்கு வைப்புப்பணம் இந்திய ரூபாயில் 2,200, ரெகுலேற்றருக்கு 250. குழாய், பதிவுப் புத்தகம், பொருத்துகூலி, முதல் நிரப்பின் விலை ஆகியவை தனி. பணம் கட்டியதும் கிடைக்கும் சந்தா வவுச்சர்தான் இணைப்பின் தாய்ப்பத்திரம். ஊரைவிட்டுப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேற்றரையும் இந்தப் பத்திரத்தோடு ஒப்படைத்தால் வைப்புப்பணம் திரும்பி வரும். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாடு திரும்பியவர்களில் இதை அறியாமல் சிலிண்டரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் இருக்கக்கூடும். கொடுத்தவர் பெயரில் அங்கே இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கும்.

முகாம்களைச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களுக்கென அறிவித்த திட்டங்களில் இலவச காஸ் இணைப்பும் அடுப்பும் இருந்தன. அதே மாதம் இந்திய மத்திய அரசு தொடங்கிய, ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வலா காஸ் திட்டத்தின் இரண்டாம் கட்டம், இடம்பெயர்ந்து வேலை செய்யும் குடும்பங்களுக்கு முகவரிச் சான்றும் குடும்ப அட்டையும் கட்டாயமில்லை, சுய அறிவிப்பு போதும் என்று சொன்னது. முகவரிச் சான்று யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை அந்த அரசே ஒப்புக்கொண்ட இடம் இது. நிலையான வீடு இல்லாதவருக்குத்தான் காஸ் தேவை அதிகம், அவரிடம்தான் சான்று குறைவு.

இனிக் கொக்குவிலுக்கு வருவோம். தங்கச்சிக்கு இந்த உபத்திரவம் ஒன்றும் இல்லை. பணத்தோடு போனாள், சிலிண்டரோடு வந்தாள். கேள்வி கேட்காத முறை நல்ல முறைதானே என்று 2021 வரை நானும் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கியதும் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோச் சிலிண்டர் 2,700 ரூபாயை ஒட்டி ஏறியது. நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் அடுப்புகளும் குழாய்களும் வெடித்த செய்திகள் வந்தன, காஸின் கலவை பற்றிய சர்ச்சை எழுந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் விலை 4,860 ரூபாய். விலையை விடக் கொடியது, அந்த விலைக்கும் கிடைக்காதது. டொலர் இல்லாமல் கப்பல் நின்றது. மஞ்சள் சிலிண்டர் வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம், ஏனென்றால் லாஃப்ஸ் விநியோகம் நெடுநாள் முடங்கிக் கிடந்தது. நீல வரிசையில் மஞ்சள் வெற்றுச் சிலிண்டருக்கு மதிப்பில்லை. காஸ் வேண்டுமென்றால் இன்னொரு வைப்புப்பணம் கட்டி நீலச் சிலிண்டருக்கு மாற வேண்டும். தங்கச்சியுடையதும் மஞ்சள்தான்.

கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாம் அப்போது ஒன்றாக வந்து நின்றன. இந்தக் கிராம அலுவலர் பிரிவில் காஸ் பாவிக்கும் வீடுகள் எத்தனை? எந்த நிறச் சிலிண்டர்? கடந்த மாதம் யாருக்குக் கிடைத்தது? எவரிடமும் பட்டியல் இல்லை. முகவருக்கு எத்தனை சிலிண்டர் விற்றோம் என்று தெரியும், யாருக்கு என்று தெரியாது. ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் மூன்று வரிசையில் நின்றால் தடுக்க வழியில்லை. வயதான தனியாள் ஒருவர் வரிசைக்கு வராவிட்டால் அவர் இருப்பதே கணக்கில் இல்லை. ஆகவே யாழ்ப்பாணம் தன் பழைய ஆயுதத்தைத் தூக்கியது. குடும்ப அட்டையைக் கொண்டு வாருங்கள் என்றார்கள், விதானையாரின் பட்டியலைப் பார்த்தார்கள், சங்கக் கடைகளும் நினைவுக்கு வந்தன.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இங்கே அட்டை என்பது கூப்பன் அரிசிக் காலத்திலிருந்து வருவது. போர்க்காலத்தில் நிவாரணம் வாங்கியவர்கள் அதை உறுதியோடும் அடையாள அட்டையோடும் சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்தார்கள். தென்பகுதியில் சிலிண்டர் சாதாரணமாகிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் பொச்சுமட்டையும் ஊமலும் பனைமட்டையும் எரித்துக்கொண்டிருந்தது. ஏ-9 பாதை 2002இல் திறந்து 2006இல் மூடி, போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. எனவே காஸ் இங்கே பல வீடுகளுக்கு ஒரு தலைமுறைப் பழக்கம்கூட இல்லை. அட்டைப் பழக்கம் மூன்று தலைமுறையுடையது.

2022 ஜூலையில் வாகனங்களுக்கு எரிபொருள் அனுமதி அட்டை வந்தபோது, fuelpass.gov.lk தளத்தில் அடையாள அட்டை எண்ணையும் வாகன எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் கொடுத்துக் கியூஆர் குறியீடு பெற்றோம். அது சில வாரங்களிலேயே வரிசைகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அதேபோல் காஸுக்கும் செய்யலாமே என்று அப்போது பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் ஒப்பீடு சரியில்லை. வாகனம் ஏற்கெனவே பதிவான பொருள், எண்ணும் உரிமையாளரும் அரசிடம் இருந்தன. தளம் செய்தது சரிபார்ப்பு மட்டும். குசினி எங்கும் பதிவாகவில்லை. அதைப் பதிய முதலில் ‘எது ஒரு குசினி’ என்று தீர்மானிக்க வேண்டும்.

அந்தத் தீர்மானம் எவ்வளவு கடினம் என்பதைத் தங்கச்சியின் வீட்டிலேயே பார்க்கலாம். அக்கா நிரப்பிய படிவத்தை அப்படியே கொக்குவிலுக்குக் கொண்டுவருவோம்.

முகவரிச் சான்று: வீடு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதப்பட்டது, ஆனால் தாய்க்குச் சீவிய உரித்து உண்டு. கறண்ட் பில் காலமாகிவிட்ட தகப்பன் பெயரில் இன்னும் வருகிறது. காசு கட்டினால் மின்சாரம் வரும்போது பெயரை மாற்ற யாருக்கு அவசரம்? அடையாள அட்டையில் இடம்பெயர்ந்து இருந்த காலத்து முகவரி. ஒழுங்கைக்குப் பெயர் உண்டு, வீட்டிலக்கம் இல்லை, ‘கோயிலுக்குப் பின் வளவு’ என்றால்தான் தபால்காரருக்குப் புரியும். வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டு அதில் குடியிருப்போர் நிலை இன்னும் சிக்கல். அவர்களிடம் வாடகை ஒப்பந்தமும் இருக்காது, ஏனென்றால் வாடகையே இல்லை. வலிகாமம் வடக்கில் காணியை இராணுவத்திடம் விட்டுவிட்டு வேறெங்கோ வாழ்பவரிடம் உறுதி இருக்கும், அந்த முகவரியில் அவருக்கு அடுப்பு இருக்காது.

இவ்வளவுக்கும் இங்கே ஒரே மருந்து விதானையாரின் வதிவிடச் சான்றிதழ். ஆளை நேரில் தெரிந்த ஒருவர், இவர் இங்கேதான் இருக்கிறார் என்று எழுதிக் கொடுப்பது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. இந்திய இணையப் படிவம் காகிதத்தால் காட்டச் சொல்வதை இங்கே ஒரு மனிதரின் அறிவு காட்டுகிறது. என் கருத்தில் இது குறையல்ல, மின்பட்டியலை விட நம்பகமான சான்று. ஆனால் அது இணையத்தில் தானாக வராது. பிரிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும், அவர் இருக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். இணைய விண்ணப்பம் வந்தாலும் அதன் முதல் படி வரிசையில் நிற்பதாகவே இருக்கும்.

குடும்ப விவரம்: தங்கச்சியின் வீட்டில் தாய், தங்கச்சி, புருஷன், இரண்டு பிள்ளைகள். அதோடு பின்பக்கப் பத்தியில் தம்பியும் மனைவியும் ஒரு கைக்குழந்தையும். தம்பிக்குத் தனி அடுப்பு. காலையில் இரண்டு அடுப்பும் எரியும், மத்தியானச் சோறு பெரும்பாலும் ஒன்றாக, இரவில் புட்டோ இடியப்பமோ தனித்தனி. விதானையாரின் பட்டியலில் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர். இந்திய ஆணையின் அளவுகோலில் இரண்டு குடும்பம், திருமணமானதாலும் குசினி வேறானதாலும். இலங்கைக் குடிசன மதிப்பீடும் வீட்டுத்துறையைச் சமையல் ஒழுங்கை வைத்தே பிரிக்கிறது. அதன்படி மத்தியானச் சோற்றைக் கணக்கில் எடுப்பதா இரவுச் சாப்பாட்டையா?

கேலிக்குக் கேட்கவில்லை. 2022இல் குடும்ப அட்டைக்கு ஒரு சிலிண்டர் என்று கொடுத்த இடங்களில் இந்த வீட்டுக்கு ஒன்று கிடைத்திருக்கும், எட்டுப் பேருக்கு. தனியே வாழும் ஒருவருக்கும் அதே ஒன்று. மறுபக்கம், தனி அடுப்பு இருந்தால் தனிச் சிலிண்டர் என்று அறிவித்தால் குடாநாட்டில் ஒரே இரவில் எத்தனை பத்தி முளைக்கும் என்பதை ஊகிக்கலாம். இந்தியாவில் தனிச் சமையலறை உண்டு என்று உறுதிமொழி வாங்குவதும் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பதும் இதற்காகத்தான். அங்கேயும் அது முழுதாக வெல்லவில்லை. அதனால்தான் ஆதாரும், பிறகு முகத்தையோ விரலையோ காட்டிச் செய்யும் மின்னணுச் சரிபார்ப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

அப்படியென்றால் நமக்கு அந்தப் படிவம் வேண்டுமா? மானியம் இல்லாத, கடையில் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் வேண்டாம் என்பதே என் எண்ணம். பங்கிட ஒன்றும் இல்லாதபோது பங்கீட்டுக் கணக்கு எதற்கு? இந்தியாவிலும் உஜ்வலாக் குடும்பங்களுக்கு வெளியே பெரும்பாலோருக்கு 2020 நடுப்பகுதியிலிருந்து மானியம் வருவது நின்றுவிட்டது, ஆனால் படிவம் நிற்கவில்லை. இலங்கையில் விலை கூடிக் குறையலாம், வட மாவட்டங்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சேரலாம். அவற்றை எந்த விண்ணப்பமும் சரிசெய்யாது.

ஆனால் தட்டுப்பாடு வந்த பிறகு பட்டியல் தயாரிப்பதும் புத்தியல்ல. அப்போது எல்லோரும் பொய் சொல்லக் காரணம் இருக்கும். காஸ் தாராளமாக உள்ள நாளில், இந்த வீட்டில் எத்தனை அடுப்பு, எந்த நிறச் சிலிண்டர், விறகடுப்பும் உண்டா என்ற மூன்று கேள்வியை விதானையார் தன் வழக்கமான குடும்பப் பதிவோடு கேட்டு எழுதிவைக்கலாம். உண்மையான பதில் கிடைக்கும், ஏனென்றால் அந்நாளில் அதனால் யாருக்கும் இலாபமோ நட்டமோ இல்லை. ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்ற நான்காவது கேள்வியைக் கேட்டால் தம்பி வீட்டுக் கணக்கும் தெளிந்துவிடும்: தனி அடுப்பாக இருந்தும் சிலிண்டர் நாலு மாதம் வந்தால், சோறு தங்கச்சியின் குசினியில் என்று அர்த்தம்.

தனிப்பட்டவர் இன்றே செய்யக்கூடியவை சிறியவை. வைப்புப்பணப் பற்றுச்சீட்டை எறியாமல் வைத்திருப்பது. அந்த மஞ்சள் அனுபவத்துக்குப் பின், புதிதாக வாங்குபவர் தன் ஒழுங்கையில் எந்தக் கொம்பனியின் லொறி தவறாமல் வருகிறது என்று பார்த்து வாங்குவது. தகப்பன் பெயரில் உள்ள கறண்ட் பில்லை மாற்றுவது. காஸுக்காக இல்லாவிட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் வதிவிடத்துக்கு அதைத்தான் கேட்பார்கள்.

தங்கச்சி இவற்றில் முதலாவதைச் செய்யவில்லை. 2022இல் எடுத்த நீலச் சிலிண்டர் குசினியில் எரிகிறது. மஞ்சள் சிலிண்டர் பத்தியின் மூலையில், விறகுக் கட்டுக்கும் ஊமல் சாக்குக்கும் நடுவே நிற்கிறது. பற்றுச்சீட்டு எங்கே என்று தாயைக் கேட்டால், அட்டைப் பையில் பார் என்கிறாள்.